மேல் வீட்டு பாத்ரூம்... நம் வீட்டு சீலிங்... ஹவுஸ் ஓனரிடம் எப்படிச் சொல்வது?

தோழி கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பரணிலிருந்து சூட்கேஸை இழுத்தேன். கை நனைந்தது. பின்னாடியே வந்தது ஒரு ஃபைல். என் டிப்ளமோ சர்டிஃபிகேட், மார்க் ஷீட் எல்லாம் அதற்குள்தான். நல்லவேளை, பிளாஸ்டிக் கவர் போட்டிருந்ததால் ஓரம் மட்டும் நமத்துப்போயிருந்தது. தலையை உள்ளே விட்டு மேலே பார்த்தால், சீலிங்கில் தோசை அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம். அதன் நடுவில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

சென்னை மடிப்பாக்கத்தில், நான்கு மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பரண் இருப்பது பாத்ரூமுக்கு மேலே. அதற்கு நேர் மேலே மூன்றாவது மாடி வீட்டின் பாத்ரூம். ஆக, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடனே ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டேன். அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார்.

"அங்கிள், மேல் வீட்டுலேர்ந்து தண்ணி ஒழுகுது."

"மழைக்காலம்மா... ஓதம் அடிக்கத்தான் செய்யும். வெயில் வந்தா தானா காஞ்சிடும்."

ஒரு வாரம் கழித்து மறுபடி பேசினேன். "பெயின்டரை அனுப்பிவிடுறேன்மா, ஒரு கோட் அடிச்சா சரியாயிடும்" என்றார். மேல் வீட்டு ஓனரிடம் பேசுங்கள் என்றேன். "பேசுறேன்மா" என்றார். பேசவில்லை. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அவர் என்ன பேசியிருக்க முடியும்? மேல் வீட்டு ஓனர் துபாயில் இருக்கிறார். அந்த வீட்டில் இருப்பவர்களும் என்னைப்போல வாடகைக்குத்தான். கோயம்புத்தூரிலிருந்து துபாய்க்கு போன் போட்டு "உங்க வீட்டுலேர்ந்து தண்ணி ஒழுகுதாம்" என்றால், அவர் "எங்க வீட்டுலயா? யார் சொன்னா?" என்று கேட்டிருப்பார். பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

இந்த விஷயத்தில் வாடகைக்கு இருப்பவர் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, புகார் சொல்வது மட்டுமல்ல. ஓனர் அந்தப் பக்கம் போய்ப் பேச, கையில் ஏதாவது கொடுப்பது. அந்தப் பாடத்தை நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆனது.

முதலில் மெயின் ஸ்விட்ச்

வேறு எதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஈரம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் லைட், ஃபேன், கீசர் பாயின்ட் ஏதாவது இருக்கிறதா? இப்போதைய வீடுகளில் வயர் எல்லாம் சீலிங்குக்குள் பதித்த பைப்பில்தான் ஓடுகிறது. தண்ணீர் அந்தப் பைப்புக்குள் இறங்கினால், ஒழுகும் இடத்திலிருந்து தள்ளி இருக்கும் லைட் வழியாகக்கூடச் சொட்டும். அப்படி இருந்தால் அந்த அறைக்கான எம்.சி.பி-யை இறக்கிவிட்டு, எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை போடாதீர்கள். ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கிற ஸ்விட்ச்சை மறுபடி மறுபடி தூக்கிவிடுவது ஆபத்து.

பூச்சு உப்பி நின்றாலோ, கம்புவைத்துத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ, அதன் கீழே கட்டில் போடாதீர்கள். நேர்க்கோடு போலத் துரு நிறத்தில் கறை ஓடினால் அது இன்னும் பெரிய செய்தி. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். துருப்பிடித்த கம்பி பருத்து, கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். இந்த ஒரு போட்டோ இருந்தால் "தானா காஞ்சிடும்" என்கிற ஓனர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஏனென்றால் அது அவருடைய சொத்து.

எப்போது சொட்டுகிறது என்று பாருங்கள்

பாத்ரூமிலிருந்து கீழே தண்ணீர் வர மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, டேங்க்கிலிருந்து குழாய்க்கு வரும் லைன். இரண்டு, குளித்த தண்ணீர் வெளியே போகும் வடிகால் பைப். மூன்றாவது, தரையே. அதாவது டைல்ஸ் இடுக்குகள் வழியாகக் கீழே இறங்குவது. மூன்றுக்கும் ரிப்பேர் வேறு, செலவு வேறு. மேலே யாரையும் தொந்தரவு செய்யாமல், உங்கள் வீட்டிலிருந்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். கண் வேண்டாம், கடிகாரம் போதும்.

டேங்க்கிலிருந்து வரும் லைனில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதில் ஓட்டை என்றால், ராத்திரி 3 மணிக்கும் சொட்டும், மேலே யாரும் இல்லாதபோதும் சொட்டும். வடிகாலில் பிரச்னை என்றால், அவர்கள் குளிக்கும்போதும் துவைக்கும்போதும் மட்டும் வேகமாகச் சொட்டி, பிறகு அடங்கும். கழிவறைப் பைப் என்றால் வாடையே காட்டிக்கொடுத்துவிடும். தரை வழியாக இறங்குவதுதான் குழப்பமானது. மெதுவாக வரும், மெதுவாக நிற்கும், வட்டம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூக்கும்.

இது ஏன் என்று புரிய, மேல் வீட்டு பாத்ரூம் தரையை வெட்டிப் பார்த்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பல அப்பார்ட்மென்ட்களில் பாத்ரூம் இருக்கும் இடத்தில் மட்டும் கான்கிரீட் தளத்தை ஏறக்குறைய ஓரடி பள்ளமாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் வடிகால் பைப்பைப் படுக்கவைத்து, சுற்றிலும் உடைந்த செங்கல், ஜல்லியை நிரப்பி, மேலே சிமென்ட் போட்டு டைல்ஸ் ஒட்டுவார்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் உடனே நம் சீலிங்குக்கு வராது. முதலில் அந்தச் செங்கல் பள்ளம் ஊற வேண்டும். அது ஒரு தொட்டி மாதிரி. நிரம்பிய பிறகுதான் கீழே கசியும். அதனால்தான் மேலே தண்ணீரை நிறுத்தினாலும் ஒரு நாள், இரண்டு நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து "நாங்க பாத்ரூமே யூஸ் பண்ணலை, அப்பவும் ஒழுகுதே, அப்போ எங்களது இல்லை" என்று மேல் வீட்டில் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, தொட்டி காலியாகவில்லை, அவ்வளவுதான்.

என் விஷயத்தில் தீபாவளிதான் பரிசோதனை செய்து கொடுத்தது. மேல் வீட்டுக் குடும்பம் நான்கு நாள் திருநெல்வேலிக்குப் போனது. எனக்கு டூட்டி, ஊருக்குப் போகவில்லை. பரணில் வைத்த வாளியைக் காலையும் இரவும் பார்த்து, போட்டோ எடுத்து, வட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தேன். அவர்கள் போன மறுநாளும் சொட்டியது. மூன்றாவது நாள் காலையில் வாளி காய்ந்திருந்தது. அந்த நான்கு நாளில் இரண்டு நாள் நல்ல மழை. அவர்கள் வந்து ஒரு நாள் கழித்து, மறுபடி சொட்ட ஆரம்பித்தது.

இந்த நான்கு நாள் எவ்வளவு சொல்கிறது பாருங்கள். கொட்டுகிற மழையில் சொட்டு நின்றது. எனவே மழை காரணமில்லை. டேங்க் லைன் திறந்தேதான் இருந்தது, அப்போதும் நின்றது; எனவே டேங்க் லைன் இல்லை. உடனே நிற்காமல் தாமதமாக நின்று, தாமதமாகத் தொடங்கியது. எனவே பெரும்பாலும் தரை, இல்லாவிட்டால் பள்ளத்துக்குள் இருக்கும் வடிகால் ஜாயின்ட். "மழைக்காலம்மா" என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

எல்லாருக்கும் இப்படித் தீபாவளி அமையாது. மேல் வீட்டில் கேட்டு, இரவு படுக்கப் போகும்போது பாத்ரூமுக்கான கேட் வால்வை மூடச் சொல்லி, காலைவரை பார்க்கலாம். வேகமாகச் சொட்டிக்கொண்டிருந்தது கண்முன்னே குறைந்தால், டேங்க் லைன் மேல்தான் முதல் சந்தேகம். மழை பெய்யும்போது மட்டும் ஈரம் வருகிறது என்றால், மேல் வீட்டை விட்டுவிடுங்கள். வெளிச்சுவர் விரிசலையும், ஜன்னல் மேல் சன்ஷேடையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் இருப்பதே கடைசி மாடி என்றால் அது மொட்டை மாடி சமாசாரம், பேச வேண்டியது அசோசியேஷனிடம்.

ஓனர் அப்படியே ஃபார்வர்டு செய்கிற மெசேஜ்

நான் முதலில் அனுப்பிய மெசேஜ் இது: "அங்கிள் இன்னும் ஒழுகிட்டேதான் இருக்கு. ரொம்ப கஷ்டமா இருக்கு. ப்ளீஸ் ஏதாவது பண்ணுங்க." இதை வைத்து அவர் என்ன பண்ணுவார்? பெயின்டரைத்தான் அனுப்புவார். "ஏதாவது பண்ணுங்க" என்றால் மனிதர்கள் சுலபமானதைத்தான் செய்வார்கள்.

தீபாவளிக்குப் பிறகு போனில் பேசிவிட்டு, இரண்டு மெசேஜ் அனுப்பினேன். முதலாவது அவருக்கு:

"அங்கிள், போன்ல பேசினதை எழுதிவெச்சிடுறேன். பாத்ரூம் பரண் சீலிங்ல 3 வாரமா தண்ணி சொட்டுது. மேல் வீட்டுல இல்லாத 4 நாள்ல, மழை பெஞ்சும், 3-வது நாள் நின்னுடுச்சு. அவங்க வந்ததும் திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. அதனால மழைத்தண்ணி இல்லை, மேல் பாத்ரூம் தரை இல்லன்னா வடிகால்னு தோணுது. தேதியோட போட்டோ, வீடியோ கீழே இருக்கு. உங்ககிட்ட ரெண்டு உதவி வேணும். 1. மேல் வீட்டு ஓனர்கிட்ட பேசி, வர்ற ஞாயிறு காலை பிளம்பர் போய் செக் பண்ண அனுமதி வாங்கிக் கொடுங்க. நான் வீட்டுலதான் இருப்பேன். 2. அதுவரைக்கும் பெயின்ட் வேண்டாம். காயாம அடிச்சா உரிஞ்சு வந்துடும், உங்களுக்குத்தான் ரெண்டு செலவு. நாளைக்கு ராத்திரி உங்களைக் கூப்பிடுறேன்."

இரண்டாவது மெசேஜ் அவர் பெயரில், துபாய்க்காரருக்கு அனுப்புவதுபோல நானே எழுதியது:

"வணக்கம் சார். உங்க ஃபிளாட்டுக்குக் கீழ் ஃபிளாட் ஓனர் பேசுறேன். எங்க பாத்ரூம் சீலிங்ல தண்ணி கசியுது. போட்டோ அனுப்பியிருக்கேன். காரணம் எங்கேன்னு இன்னும் உறுதியா தெரியலை. வர்ற ஞாயிறு காலை 10 மணிக்கு உங்க வீட்டு பாத்ரூம்ல ஒரு பிளம்பர் டெஸ்ட் பண்ண அனுமதி வேணும். எதையும் உடைக்க மாட்டோம். பார்க்கிற கூலியை நான் கொடுத்துடுறேன். உங்க டெனன்ட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும். என்ன தெரிஞ்சதுன்னு உங்களுக்கு வீடியோ அனுப்புறேன்."

"அங்கிள், சரின்னா இதை அப்படியே அனுப்பிடுங்க, மாத்தணும்னா மாத்திக்கோங்க" என்றேன். பத்து நிமிஷத்தில் ஃபார்வர்டு ஆகிவிட்டது. மூன்று வாரமாக நடக்காதது நடந்ததற்குக் காரணம், அவர் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கவில்லை.

அந்த மெசேஜில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். "உங்க வீட்டுலேர்ந்துதான் வருது" இல்லை. "நீங்கதான் செலவு பண்ணணும்" இல்லை. முதல் மெசேஜிலேயே பணம் கேட்டால், எதிரில் இருப்பவர் தன் வீட்டில் தப்பில்லை என்று நிரூபிக்கத்தான் பார்ப்பார். கதவைத் திறக்க மாட்டார். முதலில் வேண்டியது கதவு திறப்பதுதான். அதோடு, கூலியை ஓனர் கொடுப்பதாக எழுதும் முன்பு அவரிடம் கேட்டுவிட்டேன். கேட்காமல் எழுதிவிடாதீர்கள்.

மேல் வீட்டு அக்காவிடமும் நானே போய்ப் பேசினேன். வாடகைக்கு இருப்பவர் டைல்ஸை உடைக்க அனுமதி கொடுக்க முடியாது. ஆனால், அவர் மனதுவைக்காமல் பிளம்பர் உள்ளே நுழையவும் முடியாது. வீடியோவைக் காட்டினேன். "அய்யோ, எங்களால இவ்ளோ ஆகுதா" என்று பதறிவிட்டார். "உங்க தப்பு இல்லக்கா, தரைக்கு அடியில என்னமோ" என்றேன். இதை ஓனர் சொன்னால் எடுபடாது. நாம் சொன்னால் எடுபடும்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு பாட்டில் சொட்டு நீலம்

வந்த பிளம்பருக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் மெஷின் எதுவும் இல்லை. "கடையில சொட்டு நீலம் வாங்கிட்டு வாம்மா" என்றார். வெள்ளை வேட்டிக்குப் போடுவோமே, அதேதான்.

முதலில் ஒரு ஹோஸை வடிகால் வாய்க்குள் நன்றாக நுழைத்து, தரை நனையாமல் நீலத் தண்ணீரை ஊற்றினார். இரண்டு வாளி. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கீழே சொட்டின் வேகமும் மாறவில்லை, நிறமும் மாறவில்லை. வடிகால் பைப் சந்தேகத்திலிருந்து கிட்டத்தட்ட வெளியே வந்தது.

பிறகு, வடிகால் வாயைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்தார். தரையில் ஓர் அங்குல உயரத்துக்கு நீலத் தண்ணீரைத் தேக்கி, சுவரில் பென்சில் கோடு போட்டார். இந்த டெஸ்ட்டுக்கு முன்னால் கீழே பரணைக் காலி செய்து, பாத்ரூம் லைட் எம்.சி.பி-யை இறக்கி, வாளி வைக்கச் சொன்னார். ஒழுகலை வேண்டுமென்றே அதிகப்படுத்துகிற டெஸ்ட் இது. மூன்று மணி நேரத்தில் சொட்டு வேகமெடுத்தது. மறுநாள் காலை வாளியில் லேசான நீலம். மேலே தண்ணீர் பென்சில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த இரவு மேல் வீட்டில் இன்னொரு பாத்ரூமைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு இரண்டு பாத்ரூம் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

நீலம் வரவில்லை என்றால் கசிவே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. செங்கலும் மணலும் நிறத்தை வடிகட்டிவிடலாம். நிறத்தைவிட, வேகம் கூடுகிறதா என்பதுதான் நம்பகமான அடையாளம்.

மேலே இருக்கும் நீலத் தரை, கீழே இருக்கும் நீல வாளி இரண்டும் ஒரே வீடியோவில். துபாய்க்காரர் அதற்குப் பிறகு "எங்க வீட்டுலயா?" என்று கேட்கவே இல்லை. "எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்டார்.

செலவு யாருடையது?

பொதுவாக, கசிவின் மூலம் எந்த ஃபிளாட்டுக்குள் இருக்கிறதோ, அந்த ஃபிளாட்டின் ஓனர்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். மேல் பாத்ரூம் தரை, அதற்குள் ஓடும் பைப் எல்லாம் இதில் வரும். எல்லா வீட்டுக்கும் பொதுவாக டக்ட்டில் இறங்கும் பைப், மொட்டை மாடி என்றால் அசோசியேஷன். பாழான நம் சீலிங்கைப் பூசுவதும் பெயின்ட் அடிப்பதும் நம் ஹவுஸ் ஓனர் பார்க்க வேண்டியது; அதை மேல் ஓனரிடம் அவர் கேட்டு வாங்கலாம், அது அவர்கள் இருவரின் பேச்சு. நடுவில் நாம் பஞ்சாயத்து செய்ய வேண்டாம். எங்கள் விஷயத்தில் தரை வேலை துபாய்க்காரர் செலவு, சீலிங் வேலை எங்கள் ஓனர் செலவு என்று முடிந்தது.

தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தது. கட்டுமானம் சார்ந்த ரிப்பேர்கள், தேவைப்படும்போது பைப் மாற்றுவது எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்கிறது அது. குழாய் வாஷர் மாற்றுவது, வடிகால் சுத்தம் செய்வது போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. எழுத்தில் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால், அதுதான் முதலில் பார்க்கப்படும். எனவே அக்ரிமென்ட்டில் "ரிப்பேர் அனைத்தும் வாடகைதாரர் செலவு" என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் படியுங்கள்.

உரிமையாளர் தன் பொறுப்பில் வரும் ரிப்பேரைச் செய்யாவிட்டால், வாடகைதாரரே செய்துவிட்டு, ஒரு வரம்புக்குள் வாடகையில் கழித்துக்கொள்ளவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால், இந்தப் பிரச்னைக்கு அது உதவாது. ரிப்பேர் செய்ய வேண்டிய இடம் இன்னொருவர் வீட்டுத் தரை. நாம் அங்கே போய் ஒரு டைல்ஸைக்கூடத் தொட முடியாது. நம் ஹவுஸ் ஓனராலேயே முடியாது. அதனால்தான் ஓனரும் ஓனரும் பேசுவதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை என்கிறேன்.

"சரிபண்ணாதவரைக்கும் வாடகை தர மாட்டேன்" என்று நிறுத்திவிடாதீர்கள். வாடகை பாக்கி என்பது வீட்டைக் காலி செய்யச் சொல்ல அவருக்குக் கிடைக்கும் காரணம். தண்ணீர் ஒழுகிய கதை பின்னுக்குப் போய், பாக்கி வைத்த கதை முன்னுக்கு வந்துவிடும்.

மேல் ஓனர் பதிலே சொல்லவில்லை என்றால்? நம் ஓனரிடம் அடுத்து கேட்க வேண்டியது, அசோசியேஷனுக்கு ஒரு கடிதம். வாடகைதாரர் எழுதினால் அசோசியேஷன் கண்டுகொள்ளாமல் விடலாம். உறுப்பினரான ஓனர் எழுதினால் அப்படி விட முடியாது. வெளிநாட்டில் இருக்கும் ஓனர்களுக்குப் பெரும்பாலும் உள்ளூரில் ஒரு மச்சானோ சித்தப்பாவோ வீட்டைப் பார்த்துக்கொள்வார். அவர் நம்பர் அசோசியேஷனிடம் இருக்கும். அதுவும் நடக்கவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், சிவில் கோர்ட். அதையும் நம் ஓனர்தான் தொடங்க வேண்டும். நம் ஓனரே அசையவில்லை என்றால்தான், நாம் வாடகைச் சட்டத்தின்படி அவர்மேல் போக வேண்டியிருக்கும். அதற்கு எழுத்துபூர்வ அக்ரிமென்டும், அனுப்பிய மெசேஜ்களும் கையில் இருக்க வேண்டும். போனில் மட்டும் பேசியவர்களிடம் காட்ட எதுவும் இருக்காது.

'சரியாயிடுச்சு' என்று யார் சொல்வது?

மேல் ஓனர் முதலில் சின்ன வேலையைத்தான் செய்தார். டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி, எபாக்ஸி க்ரௌட் அடைத்து, வடிகால் வாயைச் சுற்றி சீல் வைத்தார்கள். ஒரே நாள் வேலை. நியாயமான முதல் முயற்சிதான். சில வீடுகளில் இதுவே போதும். "முடிஞ்சுதும்மா" என்று எங்கள் ஓனர் போன் செய்தார். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால், பிளம்பர் முன்பே சொல்லியிருந்தார்: "அதே மாதிரி தண்ணி தேக்கிப் பார்க்காம ஓகே சொல்லாதீங்க."

பத்து நாள் கழித்து மறுபடி தேக்கினோம். சொட்டியது. முன்பைவிடக் குறைவு, ஆனால் சொட்டியது. டைல்ஸுக்கு அடியில் இருந்த வாட்டர்ப்ரூஃப் பூச்சே போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்து செய்ததுதான் முழு வேலை. டைல்ஸை எடுத்து, ஊறிய செங்கலை அள்ளி, பள்ளத்தைக் காயவிட்டு, வாட்டர்ப்ரூஃப் பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஓரடி ஏற்றி அடித்தார்கள். டைல்ஸ் ஒட்டும் முன்பே 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தார்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு டைல்ஸை ஒட்டிவிட்டால், தோற்றது தெரியவரும்போது எல்லாவற்றையும் திரும்ப உடைக்க வேண்டும். மொத்தம் 9 நாள். சத்தம், தூசி, படிக்கட்டில் சிமென்ட் மூட்டை. மேல் வீட்டு அக்காவுக்கு அந்த ஒன்பது நாளும் நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன்.

இடையில் ஒருவர் வந்து, "மேல எதுக்கு உடைக்கிறீங்க, கீழேர்ந்து ஒரு கெமிக்கல் கோட் அடிச்சுடலாம், நின்னுடும்" என்றார். சொட்டு நிற்கலாம், தண்ணீர் நிற்காது. அது கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் தின்னும், அல்லது பக்கத்துச் சுவர் வழியாக வரும். எங்கள் ஓனர் ஆசைப்பட்டார். துரு போட்டோவை ஞாபகப்படுத்திய பிறகு விட்டுவிட்டார்.

வேலை முடிந்தும் வட்டம் உடனே மறையவில்லை. கான்கிரீட் காய வாரக்கணக்கில் ஆகும். பெயின்டர் வரலாமா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. உள்ளங்கை இரண்டு அளவு பாலித்தீன் ஷீட்டைக் கறையின் மேல் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. எங்கள் சீலிங் நான்காவது வாரத்தில்தான் தேறியது. பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்காமல், காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பொள்ளலான பூச்சைக் கொத்திப் பூசிய பிறகுதான் பெயின்ட்.

பெயின்டர் போன பிறகு சீலிங்கைக் கடைசியாக ஒரு போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பினேன்: "அங்கிள், வேலை முடிஞ்சு இன்னைய தேதிக்கு இப்படி இருக்கு." வீட்டைக் காலி செய்யும்போது "சீலிங் கறைக்கு இவ்வளவு" என்று அட்வான்ஸில் பிடித்தால் காட்ட, பழைய போட்டோக்களோடு அதுவும் ஒரே சாட்டில் இருக்கிறது. கட்டைவிரல் ஒன்றை பதிலாக அனுப்பினார். சர்டிஃபிகேட் ஃபைல் இப்போது பீரோவில்.